சிங்க் வடிய ஐம்பத்திரண்டு விநாடி

பெயின்டருக்கு மூக்கு வேலை செய்யாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் பெயின்டர். இன்னொருத்தி அவருடைய மனைவி. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

முப்பத்தோரு வருடம் கார் பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்தவர். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பழைய நிறத்துக்குப் புது நிறத்தை ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது அவர் வேலை. வெயிலில் வைத்துப் பார்த்தாலும் எது பழைய கதவு, எது புதுப் பூச்சு என்று வண்டிக்காரனாலேயே சொல்ல முடியாது. கண் அப்படி. மூக்கு மட்டும் ஐம்பது வயது தாண்டுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. முதலில் சோப்பு வாசனை போயிற்று. அப்புறம் டீ. ஒருநாள் தின்னர் டின்னைத் திறந்து முகத்தருகே வைத்தார், தண்ணீர் மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"வெளியில மூச்சு விடாதே. பட்டறையில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"மூக்கு போனவர் என்னை மூச்சு விடாதேங்கிறாரு," என்றாள் அவள். அதன்பிறகு பதினெட்டு வருடம் அவருக்கும் சேர்த்து அவளே மோந்தாள். பால் கெட்டுவிட்டது என்பாள். சட்டையை மாற்றுங்கள் என்பாள். காஸ் குழாயை மாதத்துக்கு ஒருமுறை குனிந்து மோந்துவிட்டு, "சரியா இருக்கு, நீங்க பயப்படாம போங்க" என்பாள். விருந்தாளிகள் இருக்கும்போது வாய் திறக்க மாட்டாள், முகத்தைக் காட்டுவாள். அவர் முகங்களைப் பார்த்து வாசனை தெரிந்துகொள்ளப் பழகிவிட்டார். புருவம் இறங்கினால் கெட்டது. கண் சுருங்கி உதடு விரிந்தால் நல்லது. ஹாஸ்டலிலும் வேலையிலுமாக வெளியூரிலேயே வளர்ந்த மகளுக்குக்கூட சந்தேகம் வரவில்லை.

எட்டு மாதமாக வீட்டில் பார்ப்பதற்கு முகம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். குளிர்பதனக் கிடங்குகளில் எங்கே காற்று கசிகிறது, எங்கே அழுத்தம் குறைகிறது என்று கருவி வைத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. பேச்சும் கருவி மாதிரிதான். எண்ணைச் சொல்லும், நிற்கும்.

"அப்பா, கிச்சன்ல நாத்தம் அடிக்குதாமே?"

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. அடிக்குதா இல்லையா?"

பெயின்டர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்த மேடை. கவிழ்த்து வைத்த இரண்டு தட்டு. சிங்க்கில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தங்கியிருந்தது. ஒரு மாதமாகவே மெதுவாகத்தான் இறங்குகிறது.

"லேசா," என்றார், குத்துமதிப்பாக.

"லேசாவா? மாடி வரைக்கும் வருதாம். கூடவே இருக்கிற உங்களுக்கு லேசாவா?"

மாடி என்றதும் யாரென்று தெரிந்துவிட்டது. மேல்வீட்டு டீச்சர். படியில் பார்த்தால் "சாப்டீங்களா அண்ணா" என்று சிரித்துவிட்டு, மேலே போய் இந்த வேலையா பார்க்கிறாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன தடவை வந்தப்போ பால் திரிஞ்சு கெடந்துச்சு. அதுக்கு முந்தின தடவை பாத்திரம் கருகிக் கெடந்துச்சு. இப்போ இது," என்றாள் மகள். "நாளைக்கு ஒரு மணிக்கு வர்றேன். வீடு வீடா இருந்தா இருங்க. இல்லேன்னா பெட்டியைக் கட்டுங்க, என்னோட வந்துடுங்க. இந்தத் தடவை பேச்சே கெடையாது."

மகள் வீடு நல்ல வீடுதான், மருமகனும் தங்கமானவர். ஆனால் இந்தச் சுவரில் ஒவ்வொரு அடியும் அவர் அடித்த நிறம். கூடத்துக்கு எந்த நிறம் என்று மனைவியும் அவரும் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். அங்கே போனால் அவர் மகள் வீட்டு விருந்தாளி. சாகும்வரை விருந்தாளி.

போனில் மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டி என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தார்.

"...எழுதிட்டீங்களா?"

"எங்கே, சொல்லு, சொல்லு." பேனாவைத் தேடி எடுத்தார்.

"ரெண்டாவது, சமையல் சோடா அரை டம்ளர், ஓட்டைக்குள்ள நேரா போடுங்க. மூணாவது, கால் மணி நேரம் விடுங்க. நாலாவது, சுடுதண்ணி ஒரு பாத்திரம், ஒரே மூச்சுல ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, பைப்பு பிளாஸ்டிக், இணைப்பு இளகிடும். வேற எந்தக் கெமிக்கலும் வேணாம். அஞ்சாவது, வாடை போற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்க."

அவர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதினார். முதலாவது என்னவென்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், சொன்னது காதிலும் விழவில்லையா என்பாள். ஐந்தாவது வரியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாடை போகும்வரை. போய்விட்டது என்று யார் சொல்வது?

*

ஞாயிறு காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் சமையல் சோடா இரண்டு பாக்கெட் வாங்கிவந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்தார். ஒன்பதே கால்.

சிங்க்கில் நேற்று ராத்திரித் தண்ணீர் நாலு விரல் ஆழத்துக்கு அப்படியே நின்றது. மேலே எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக மினுங்கியது. அந்தத் தண்ணீரிலேயே அரை டம்ளர் சோடாவைக் கொட்டினார். மாவு மாதிரி மிதந்து, கரைந்து, காணாமல் போயிற்று. கால் மணி நேரம் காத்திருந்தார். அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, அடியில் குமிழ் வரும்போதே இறக்கி, எழுதியிருந்தபடி ஒரே மூச்சில் ஊற்றினார். சிங்க் நிரம்பியது. சூட்டுத் தண்ணீர் பச்சைத் தண்ணீரோடு கலந்து வெதுவெதுப்பானது. அவ்வளவுதான். இறங்குகிற வழியாக இல்லை.

மறுபடி சோடா, மறுபடி வெந்நீர். பத்தே கால். தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. அதுவும் தானாக இறங்கியதா, கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா என்று சந்தேகம்.

"மாவைக் கொட்டி அழுக்கு எடுக்கிறாளாம்," என்று முணுமுணுத்தார். எண்ணெய்ப் பிசுக்கை முப்பத்தோரு வருடம் எடுத்தவர் அவர். என்ஜின் மூடியில் விரல் கனத்துக்கு அப்பியிருக்கும் கிரீஸைத் துணியால் ஒரே இழுப்பில் எடுத்தவர். எதைத் தொட்டு எடுத்தார்? சோடாவையா?

பரணில் ஒரு தின்னர் டின் இருந்தது. கதவுக்கு ஒரு கை அடிக்கலாம் என்று பட்டறையிலிருந்து வாங்கிவந்து வைத்தது. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். மூடியைத் திறந்தார். மூக்குக்கு வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஒரு டம்ளர் நிறைய எடுத்து சிங்க்கில் விட்டார்.

தண்ணீர் மேல் நின்ற எண்ணெய் வட்டங்கள் சட்டென்று உடைந்து நாலா பக்கமும் ஓடின. அவருக்கு முகம் மலர்ந்தது. இதோ, இதுதான் வேலை. ஓட்டையைச் சுற்றிச் சின்னதாகச் சுழி தெரிந்தது. தண்ணீர் கொஞ்சம் அசைந்தது. இன்னொரு பாத்திரம் சுடுதண்ணீர் விட்டால் மொத்தமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாத்திரத்தை நிரப்பி அடுப்பில் வைத்தார். சிங்க்குக்கும் அடுப்புக்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்காது. மேடைக்கு அடியில், சிங்க் குழாய்க்குப் பக்கத்திலேயே காஸ் சிலிண்டர். வலது கையில் லைட்டரை எடுத்துக்கொண்டு இடது கையை அடுப்புத் திருகில் வைத்தார்.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அண்ணா! அண்ணா, பெயின்ட் அடிக்கிறீங்களா?"

டீச்சர் குரல். நேரம் பார்த்து வந்துவிட்டாள், இன்னும் மோந்து பார்த்து இன்னும் கோள் மூட்ட. அடுப்பைப் பற்றவைத்துவிட்டே போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கதவு மறுபடி அதிர்ந்தது. லைட்டரோடேயே போய்த் திறந்தார்.

"நான் ஏன் பெயின்ட் அடிக்கப் போறேன்? நேத்து நாத்தம்னு சொன்னீங்க. இன்னைக்கு என்ன புகார்?"

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் புருவம் இறங்கவில்லை, ஏறியிருந்தது. கண் விரிந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை அவர் வாசனைக்குப் பார்த்ததே இல்லை.

"அண்ணா... தின்னர் வாடை மாடிப்படி வரைக்கும் தூக்குது. உங்களுக்கு வரலையா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பட்டறையில் தின்னர் டின் திறந்திருந்தால் பத்தடிக்குள் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார். புதிதாய் வந்த எத்தனை பேரை அதற்காகக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் படர்ந்து மூலையில் போய்த் தேங்கும். எங்கே தேங்கியிருக்கும்? மேடைக்கு அடியில். சிலிண்டர் காலடியில்.

லைட்டர் கையிலிருந்து நழுவிவிடுமோ என்று பயந்து, குனிந்து, முட்டை வைப்பதுபோல் அதை வாசலுக்கு வெளியே தரையில் வைத்தார்.

"இருங்க, புகைபோக்கி ஃபேனைப் போடுறேன்," என்று டீச்சர் உள்ளே ஓடப் பார்த்தாள்.

"ஸ்விட்ச்சைத் தொடாதீங்க!" அவர் கத்திய கத்தலில் அவள் அப்படியே நின்றாள். "ஸ்விட்ச்சுக்குள்ள பொறி இருக்கும். ஜன்னலைத் திறங்க. பின் கதவைத் திறங்க. எதையும் போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம்."

சிலிண்டர் வால்வை மூடினார். மேடைக்கு அடியில் இருந்த மரக்கதவுகளை அகலத் திறந்துவைத்தார். முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குக் காற்று ஓடத் தொடங்கியது. சிங்க்கில் நின்ற தண்ணீரைக் கரண்டி கரண்டியாக மொண்டு, மூடியுள்ள பெயின்ட் வாளியில் ஊற்றினார். கடைசிச் சொட்டைப் பழந்துணியால் ஒற்றி எடுத்தார். அந்தத் துணியையும் வாளியிலேயே போட்டார்.

"அடியில குடுவை மாதிரி தொங்குது பாருங்க," என்றார். "அதுலயும் எறங்கியிருக்கும். அதை எடுக்காம விட்டா பிரயோஜனம் இல்ல."

சிங்க்குக்கு அடியில் உள்ள அந்தப் பிளாஸ்டிக் குடுவையில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். பெயின்டர் அதற்குக் கீழே வாளியை வைத்து, மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் திருகினார். கழன்றது. தின்னர் கலந்த தண்ணீர் கொஞ்சம் கொட்டியது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, பொதக்கென்று வாளியில் விழுந்தது. டீச்சர் வாசலுக்கே ஓடிவிட்டாள்.

பெயின்டர் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். உறைந்த எண்ணெய். சோற்றுப் பருக்கை. டீத்தூள். முட்டையோட்டுத் துணுக்கு. நல்ல பட்டி மாதிரி இழைந்து கெட்டிப்பட்டிருந்தது. எட்டு மாதச் சமையல்.

"இவ்வளவு எண்ணெய் எப்படிண்ணா? அக்கா சிங்க்ல எண்ணெயே ஊத்த மாட்டாங்களே!" என்றாள் டீச்சர், வாசலில் நின்றபடி.

"ஊத்தாம? பொரிச்ச எண்ணெயைக் குடிப்பாளா?"

"வாணலியைப் பேப்பர்ல தொடைச்சிட்டுத்தான் கழுவுவாங்க. மிச்ச எண்ணெயை ஒரு தகர டப்பாவுல ஊத்தி இங்கதான் வைப்பாங்க. நெறைஞ்சதும் மூடிக் குப்பையில போடுவாங்க. எனக்கே அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

பெயின்டருக்கு டப்பா நினைவு வந்தது. அவள் போன பதினைந்தாம் நாள், வீட்டை ஒழித்தபோது, சிங்க்குக்கு அடியில் கறுத்த எண்ணெயோடு ஒரு தகர டப்பா இருந்தது. மறந்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று தூக்கிப் போட்டார். அன்றைக்கு இரவு உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெயை, வெந்நீர் விட்டால் போய்விடும் என்று சிங்க்கில் சாய்த்தார். போகத்தான் செய்தது. போன இடத்தில் ஆறி உறைந்தது.

வாளியை இறுக மூடிப் பின்வாசலில் நிழலில் வைத்தார். திங்கட்கிழமை பட்டறைக் கழிவுப் பீப்பாயில் சேர்க்க வேண்டும். குடுவையைச் சோப்பு போட்டுக் கழுவி மறுபடி திருகினார். திரும்பி வந்தபோது மணி பதினொன்று இருபது. டீச்சர் இன்னும் போகவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா அண்ணா?"

"என்னது?"

"மூக்கு."

மறைத்துப் பயனில்லை. "பதினெட்டு வருஷம்."

"உங்க பொண்ணுக்கு..."

"தெரியாது. தெரிஞ்சா இன்னைக்கே பொட்டி." வாசலைப் பார்த்தார். "டீச்சர், நேத்து போன்ல சொன்ன மாதிரி இதையும் சொல்லிடாதீங்க."

டீச்சர் முகம் சிவந்தது. "நான் கோள் சொல்லலை. காஸா இருக்குமோ, சாக்கடையா இருக்குமோன்னு பயந்துதான் சொன்னேன். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். 'எனக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு சிரிச்சீங்க. வெளையாடுறீங்கன்னு நெனைச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, மேடையில ஒரு சீட்டு கெடக்குதே, உங்க பொண்ணு சொன்னதா? குடுங்க," என்றாள். படித்தாள். "ரெண்டாவதுல ஆரம்பிக்குது. முதலாவது எங்கே?"

"காதுல விழலை."

"நிக்கிற தண்ணியை வெளிய எடுங்கன்னு சொல்லியிருப்பா. தண்ணிக்குள்ள சோடாவைக் கொட்டினா கரைஞ்சு போகும், பிசுக்குல எங்கே ஒட்டும்? தண்ணிக்குள்ளயே கொட்டிட்டுக் காத்திருந்தீங்களாக்கும்." டீச்சர் பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோலப் பேசினாள். "இப்போ காலியா இருக்கு. போடுங்க. அடுப்பு வேணாம். என் வீட்டுக் கெட்டில்ல தண்ணி வச்சுக் கொண்டாறேன்."

இந்தமுறை ஈரம் மட்டும் இருந்த ஓட்டைக்குள் சோடா நேராக இறங்கிற்று. கொஞ்சம் எடுத்து ஓட்டை வாயின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் வடிதட்டிலும் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். பழுப்பு வழுவழுப்பு உரிந்து வந்தது. தேய்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. பூசுவதற்கு முன்னால் தேய்க்காதவன் பெயின்டரே இல்லை. கால் மணி நேரம். டீச்சர் கெட்டிலோடு இறங்கிவந்தாள். கொதித்தது இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் நாலு சொட்டு விட்டு, ஒரே மூச்சில் ஊற்றினார்கள்.

தண்ணீர் தயங்கியது. ஒரு குமிழ் மேலே வந்தது. பிறகு மெல்ல இறங்கியது. முதல் ஊற்றில் வந்த சூட்டுக்குக் குடுவைக்கு அப்பால் குழாய்ச் சுவரில் படிந்த பிசுக்கு இளக ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டாம் முறை சோடா, இரண்டாம் கெட்டில்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"குறைஞ்சிருக்கு. இன்னும் இருக்கு."

"எவ்வளவு குறைஞ்சிருக்கு? பாதியா, காலா?"

"வாடையை நான் எப்படிண்ணா காலு பாதின்னு அளக்கிறது?"

அளப்பது. பெயின்டர் மேடையிலிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிங்க்கின் பக்கவாட்டில் ஒரு பென்சில் கோடு போட்டார். அந்தக் கோடு வரை குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்து, பிறகு மூடியை எடுத்தார். விநாடி முள்ளைப் பார்த்தார். நான்கு நிமிடம் பத்து விநாடி.

மூன்றாம் முறை. இரண்டு நிமிடம் முப்பது. நாலாம் முறை, சோடா பாக்கெட் காலி. ஒரு நிமிடம் இருபது. கடைசியாகச் சோடா இல்லாமல் வெறும் சுடுதண்ணீர் மூன்று பாத்திரம். தண்ணீர் சுழித்துக்கொண்டு, தொண்டை செருமுவது மாதிரி ஒரு சத்தம் போட்டு இறங்கியது.

"அம்பத்தி ரெண்டு," என்றார் பெயின்டர்.

டீச்சர் குனிந்து மோந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் இறங்கவில்லை.

"சோப்பு வாசனைதான் வருது," என்றாள்.

மறுபடி பிடித்து விட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை. ஐம்பத்து மூன்று. சீட்டில் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் 52 என்று எழுதினார். மணி பன்னிரண்டே முக்கால். சட்டையை மாற்றக்கூட நேரமில்லை.

*

மகள் செருப்பைக் கழற்றும்போதே நின்றாள்.

"தின்னர் வாடை வருது."

பெயின்டர் சுற்றிலும் பார்த்தார். ஜன்னலெல்லாம் திறந்துதான் இருந்தது. துணியும் வாளியும் வெளியே. ஆனாலும் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாத இடத்தில்.

"நான்தான்மா," என்று டீச்சர் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டு அலமாரிக்குக் கொஞ்சம் தின்னர் கேட்டேன். அண்ணா எடுத்துக் குடுத்தாரு, கொட்டிடுச்சு."

மகள் சமையலறைக்குப் போனாள். சிங்க்குக்கு மேல் குனிந்தாள். நிமிர்ந்தாள். முகம் மாறவில்லை; சும்மா இருந்தது. எந்த வாடையும் இல்லாத இடத்தில் இருக்கும் முகம் அது என்று அவருக்குப் புரிந்தது. ஜெயித்துவிட்டார்.

"நல்லா போயிடுச்சேப்பா," என்றாள். "நான் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்னு நெனைச்சேன்." அடுப்புப் பக்கம் திரும்பினாள். "டீ போடட்டுமா?" திருகில் கை வைத்தாள். "லைட்டர் எங்கே?"

லைட்டர் வாசலுக்கு வெளியே தரையில் கிடந்தது. சிலிண்டர் வால்வு மூடியிருந்தது. டீச்சர் பெயின்டரைப் பார்த்தாள். இனி பயமில்லை, ஆவி வெளியேறிவிட்டது, மூன்று பேரும் டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம். மாலை மகள் ஊருக்குப் போய்விடுவாள். ஆனால் அடுத்த மாதம் வருவாள். அப்போதும் அதே திருகில்தான் கை வைப்பாள். அவருக்கு ஒன்றும் தெரியாத ஏதோ ஒரு காற்றில் நின்றுகொண்டு.

"பத்த வைக்காதேம்மா," என்றார்.

"ஏன்?"

"டீச்சர் பொய் சொல்றாங்க. தின்னரை நான்தான் ஊத்தினேன். சிங்க்ல. ஊத்திட்டு அடுப்பையும் பத்த வைக்கப் போனேன். இவங்க கதவைத் தட்டலைன்னா..." மீதியை மென்று விழுங்கினார். "எனக்கு வாடை தெரியாதும்மா. எதுவும் தெரியாது. உங்கம்மாதான் எனக்கு மோந்து சொல்லுவா."

மகள் திருகிலிருந்து கையை எடுத்தாள். அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலையில் கருவி தப்பான எண்ணைக் காட்டும்போது அப்படித்தான் நிற்பாள் என்று மருமகன் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"பதினெட்டு வருஷம்," என்றார் அவர், கேட்காமலே.

"பால் திரிஞ்சது அதனாலயா?"

"ம்."

"பாத்திரம் கருகினது?"

"கூடத்துல உக்காந்திருந்தேன். தெரியலை."

"நான் உங்களைக் கவனமே இல்லாத மனுஷன்னு திட்டினேன்." சிங்க்கைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இன்னைக்கு வாடை போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது? டீச்சர் சொன்னாங்களா?"

"அவங்களும் சொன்னாங்க." சீட்டை நீட்டினார். "நான் இதை வச்சுப் பாத்தேன்."

அவள் சீட்டைப் பார்த்தாள். பென்சில் கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் பிடித்தாள், மூடியை எடுத்தாள், தன் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பேரும் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயின்டருக்கு உள்ளங்கை வியர்த்தது. பெண் பார்க்கப் போன அன்றுகூட இப்படி வியர்த்ததில்லை.

"அம்பத்தி ரெண்டு," என்றாள் மகள்.

"சொன்னேன்ல."

"பெட்டி கட்டிட்டீங்களா?"

"இல்லை. கட்டணுமா?"

அவள் சிலிண்டரைப் பார்த்தாள். "இது வெளிய போகணும். இன்னைக்கே. கரென்ட் அடுப்பு, தானா அணையுற கெட்டில், புகைக்கு ஒரு அலாரம், அது சத்தம் போடும், மூக்கு வேணாம். தின்னர் இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பால்ல நாள் பார்த்து எழுதி ஒட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னு கேக்குறதைப் பாரு! அலாரம் அடிச்சா காது கேக்குமா? அதையும் இப்பவே சொல்லிடுங்க."

"காது கேக்கும். நீ பேசினா மட்டும் முதல் வரி கேக்காது."

டீச்சர் சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டி பற்றி அதன்பிறகு பேசவும் இல்லை.

*

பெயின்டர் அந்த வீட்டில் இன்னும் நாலு வருடம் இருந்தார். சிங்க்குக்கு அடியில் எண்ணெய்க்கு ஒரு தகர டப்பா வந்தது. சனிக்கிழமைதோறும் சோடா அரை டம்ளர், கால் மணி நேரம், சுடுதண்ணீர். நாள்காட்டியில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் ஓர் எண். 52. 51. 54. அறுபதைத் தாண்டினால் அன்றைக்கே இன்னொரு முறை. ஞாயிறு காலை போனில் மகள் "எவ்வளவு?" என்பாள், அவர் எண்ணைச் சொல்வார், பிறகுதான் மற்ற பேச்சு. சாவு அவருக்குத் தூக்கத்தில் வந்தது. கடைசிக் கட்டத்தில் 53 என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மகள் வீட்டைத் திறந்தபோது சமையலறையில் நாற்றம் அடித்தது. சாக்கடை நாற்றம். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா ஏமாற்றிவிட்டாரா, இத்தனை நாளும் எண்ணை இட்டுக்கட்டிச் சொன்னாரா என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். குழாய் சுத்தமாக இருந்தது. பிசுக்கே இல்லை. குடுவையில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருந்தது. யாரும் குழாயைத் திறக்காததால் மறிப்பதற்குத் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊற்றினாள். நாற்றம் சற்று நேரத்தில் அடங்கியது.

பென்சில் கோடு இன்னும் இருந்தது. அவள் அதுவரை தண்ணீர் பிடித்தாள். மூடியை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்திரண்டு.

நாள்காட்டியை எடுத்து எழுதினாள்.